அமெரிக்கப் பங்கு வருமானம்: எந்தத் தேதி டாலர் விலையில் ரூபாய்க்கு மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் வசித்துக்கொண்டு, வேலை பார்க்கும் நிறுவனம் கொடுத்த ஆர்.எஸ்.யு. வழியாகவோ சொந்தமாக வாங்கியோ அமெரிக்கப் பங்குகள் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. 2025-26 நிதியாண்டுக் கணக்கை வைத்துப் பேசுகிறேன். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல்தான் நடைமுறைக்கு வருகிறது. அதனால் 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் 1962-ஆம் ஆண்டு விதிகளும்தான் பொருந்தும்.

பணம் என் பேங்க் கணக்கில் வந்த அன்றைக்கு பேங்க் என்ன ரேட் கொடுத்ததோ அதையே போட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலான கணக்குகள் தவறுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டு நாணயத்தில் வந்த வருமானத்தை ரூபாயாக மாற்ற வருமான வரி விதிகளில் 115 என்ற விதி இருக்கிறது. அது இரண்டைத் தீர்மானிக்கிறது. ஒன்று, எந்த விலை. ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலை, அதாவது வெளிநாட்டிலிருந்து கம்பி வழியாக வரும் நாணயத்தை அந்த வங்கி என்ன விலைக்கு வாங்குகிறதோ அது. மற்றொன்று, எந்தத் தேதி. அது வருமானத்தின் வகையைப் பொறுத்து மாறும்.

பணம் எப்போது இந்தியாவுக்கு வந்தது, உங்கள் வங்கி என்ன விலை கொடுத்தது என்பதெல்லாம் பங்கு விற்ற லாபத்துக்கும் டிவிடெண்டுக்கும் பொருட்டே இல்லை. பணத்தை அமெரிக்க புரோக்கர் கணக்கிலேயே ஒரு வருடம் விட்டு வைத்தாலும் கணக்கு அதேதான். உங்கள் கணக்கு ஸ்டேட் பேங்கில் இல்லை, தனியார் வங்கியில்தான் இருக்கிறது என்றாலும் விலை ஸ்டேட் பேங்கினுடையதுதான். பணம் வந்த அன்றைய விலை எடுபடும் ஒரு சூழ்நிலை உண்டு. அதைக் கீழே ஃப்ரீலான்ஸ் வருமானம் பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

அப்படியானால் எனக்கு எந்தத் தேதி?

பங்கு விற்றீர்கள் என்றால், விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். நவம்பர் 14 விற்பனைக்கு அக்டோபர் 31. நவம்பர் 1 என்றாலும் நவம்பர் 30 என்றாலும் அதே அக்டோபர் 31-தான்.

டிவிடெண்டுக்கும் முந்தைய மாதத்தின் கடைசி நாள்தான். ஆனால் எதற்கு முந்தைய மாதம் என்பதற்கு விதியில் மூன்று சொற்கள் இருக்கின்றன: நிறுவனம் டிவிடெண்டை அறிவித்த, பகிர்ந்தளித்த அல்லது செலுத்திய மாதம். அமெரிக்க நிறுவனங்கள் ஒரு மாதத்தில் அறிவித்து அடுத்த மாதத்தில் கொடுப்பது வழக்கம். எனவே எந்த மாதத்தை எடுப்பது என்ற குழப்பம் இயல்பானது. பணம் செலுத்தப்பட்ட மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. புரோக்கர் ஸ்டேட்மெண்டில் தெளிவாக இருப்பது அந்தத் தேதிதான். அங்கே வரி பிடிக்கப்படுவதும் அன்றுதான், அதனால் பின்னால் வரிக் கழிவுக் கணக்கும் ஒட்டிப்போகும்.

வெளிநாட்டு வங்கியில் சேமிப்புக் கணக்கு வட்டி, தொழில் வருமானம், வெளிநாட்டு வீட்டு வாடகை ஆகியவற்றுக்கு நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31. சம்பளத்துக்கு, சம்பளம் தரவேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் கணக்கு வைத்திருந்தால் தேதியைக் கையால் தேட வேண்டியதில்லை. A2-வில் விற்ற தேதி இருந்தால், முந்தைய மாதத்தின் கடைசி நாள் இப்படி வரும்:

```
=EOMONTH(A2,-1)
```

இந்த ஸ்டேட் பேங்க் விலையை எங்கே பார்ப்பது? கூகுளில் வரும் டாலர் விலையைப் போடக் கூடாதா?

கூகுள் காட்டுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் சந்தை விலை. ரிசர்வ் வங்கியின் பெயரோடு தினமும் வரும் குறிப்பு விலையும் வேறு. விதி கேட்பது இரண்டையும் அல்ல.

ஸ்டேட் பேங்க் தன் இணையதளத்தில் வேலை நாட்களில் அந்நியச் செலாவணி விலைத்தாளை ஒரு பி.டி.எஃப். கோப்பாகப் போடுகிறது. அதில் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே பல பத்திகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது `TT BUY` என்று தலைப்பிட்ட பத்தி மட்டும். பக்கத்திலேயே `TT SELL` இருக்கும், அது வங்கி உங்களுக்கு டாலர் விற்கும்போது கேட்கும் விலை, எப்போதும் கூடுதலாக இருக்கும். `BILL BUY`, `CN BUY` போன்றவை ஏற்றுமதி பில்லுக்கும் நோட்டுக்கும் உரியவை. அவசரத்தில் பக்கத்துப் பத்தியைப் படித்துவிடுவது சாதாரணமாக நடக்கும். எடுத்த எண் அன்றைய சந்தை விலையைவிடக் குறைவாக இருந்தால் வாங்கும் விலைப் பத்திகளில் ஒன்றைப் படித்திருக்கிறீர்கள், அது `TT BUY`தானா என்று தலைப்பை ஒருமுறை பாருங்கள். கூடுதலாக இருந்தால் விற்கும் விலையை எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஜப்பானிய யென்னுக்கு மட்டும் இன்னொரு கவனம் வேண்டும்: அதன் விலை 100 யென்னுக்கு எழுதப்பட்டிருக்கும்.

உண்மையான தொல்லை வேறு. அந்தக் கோப்பின் மேலேயே அடுத்த நாள் கோப்பு ஏறிவிடும். போன வருட அக்டோபர் விலைத்தாள் அங்கே கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் கடைசி வேலை நாளில் அதைத் தரவிறக்கி, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12 கோப்புகள்தான். விட்டுப்போன மாதங்களுக்கு, கிட்ஹப்பில் ஆர்வலர்கள் தினமும் சேமித்து வைக்கும் தொகுப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து எடுக்கும்போது வெறும் எண்ணை நம்பாமல், பி.டி.எஃப். இருந்தால் திறந்து, உள்ளே அச்சிட்ட தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாதக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்?

அதற்கு முன் கடைசியாக வெளியான விலைத்தாளை எடுங்கள். 2025 ஆகஸ்ட் 31 ஞாயிறு. எனவே செப்டம்பர் டிவிடெண்டுக்கு, அந்த ஞாயிறுக்கு முன் கடைசியாக வந்த தாள் எதுவோ அது. அடுத்து வரும் திங்கள்கிழமை விலையை எடுக்கக் கூடாது, அது அடுத்த மாதத்துக்குள் போய்விடும்.

விலைகளை `Rates` என்ற தாளில் தேதி ஒரு பத்தி, விலை ஒரு பத்தி என்று வைத்திருந்தால், விடுமுறை நாளில் தானாகவே முந்தைய தேதிக்குப் போக இந்த வாய்ப்பாடு போதும்:

```
=XLOOKUP(EOMONTH(A2,-1),Rates!A:A,Rates!B:B,,-1)
```

கடைசியில் இருக்கும் `-1`தான் சரியான தேதி இல்லாதபோது அதற்கு முந்தையதை எடுக்கச் சொல்வது.

சார், ஆர்.எஸ்.யு. வெஸ்ட் ஆனபோது கம்பெனி ஃபார்ம் 16-ல் போட்ட டாலர் ரேட் முந்தைய மாதக் கடைசி ரேட் இல்லையே. நான் மாற்றிப் போட வேண்டுமா?

வேண்டாம். பங்குகள் உங்கள் பெயருக்கு வரும் அன்று அவற்றின் சந்தை மதிப்பு சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகக் கணக்கில் ஏறும், கம்பெனி அதற்கு வரி பிடிக்கும். அப்படி வரி பிடிக்கும் வருமானத்துக்கு விதி 115-லேயே ஒரு விலக்கு இருக்கிறது: வரி பிடிக்க வேண்டிய தேதி எதுவோ அன்றைய விலைதான். அதனால்தான் கம்பெனியின் எண் வெஸ்ட் ஆன தேதியை ஒட்டி இருக்கிறது.

ஃபார்ம் 16-ல் உள்ள ரூபாய்த் தொகையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஃபார்ம் 12பிஏ-வையும் கம்பெனி கொடுக்கும் வெஸ்டிங் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். அந்த ரூபாய்த் தொகைதான் பின்னால் பங்கை விற்கும்போது உங்கள் வாங்கிய விலை ஆகப்போகிறது. இரண்டு வருடம் கழித்து வேலை மாறிய பின் அந்தத் தாளைப் பழைய கம்பெனியிடம் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

விற்கும்போது லாபத்தை டாலரில் கணக்குப் போட்டு மாற்றுவதா, வாங்கிய விலையையும் விற்ற விலையையும் தனித்தனியாக மாற்றுவதா?

பக்கம் முழுவதிலும் அதிகப் பணம் புரளும் கேள்வி இதுதான். ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். இதில் வரும் டாலர் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட முழு எண்கள், அந்தந்த நாளின் உண்மை விலைகள் அல்ல.

கோவையில் ஒரு மென்பொருள் ஊழியர். 2024 ஜூன் 10-ல் 40 பங்குகள் வெஸ்ட் ஆகின்றன, ஒரு பங்கு 100 டாலர். கம்பெனி ஒரு டாலருக்கு 83 ரூபாய் வைத்து 3,32,000 ரூபாயைச் சம்பளத்தில் சேர்க்கிறது. வரிக்காக 12 பங்குகளைப் பிடித்துக்கொண்டு 28 பங்குகளைக் கணக்கில் வைக்கிறது. 2025 நவம்பர் 14-ல் அந்த 28 பங்குகளையும் தலா 130 டாலருக்கு விற்கிறார். 2025 அக்டோபர் 31-இன் வாங்கும் விலை 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

தனித்தனியாக மாற்றினால்: விற்ற தொகை 3,640 டாலர், 88-ஆல் பெருக்க 3,20,320 ரூபாய். வாங்கிய விலை 28 பங்குகளுக்கு 2,800 டாலர், 83-ஆல் பெருக்க 2,32,400 ரூபாய். லாபம் 87,920 ரூபாய்.

டாலரில் லாபம் பார்த்து மாற்றினால்: 3,640-இல் 2,800 போக 840 டாலர், 88-ஆல் பெருக்க 73,920 ரூபாய்.

வித்தியாசம் சரியாக 14,000 ரூபாய். போட்ட 2,800 டாலரின் மீது ரூபாய் 5 ரூபாய் சரிந்ததால் வந்த தொகை அது. முதல் முறை அந்தச் சரிவையும் லாபமாகக் கணக்கில் எடுக்கிறது, இரண்டாவது முறை எடுப்பதில்லை.

இரண்டாவது முறைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உண்டு. விதி 115 மாற்றச் சொல்வது "வருமானத்தை", மூலதன ஆதாயத்தில் வருமானம் என்பது லாபம்தான், எனவே டாலர் லாபத்தை ஒரே விலையில் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம். விதியின் சொற்களை மட்டும் படித்தால் அந்த வாதம் வலுவானதுதான்.

ஆனால் ஆர்.எஸ்.யு. பங்குக்கு அது எடுபடாது என்பது என் கருத்து. சலுகையாக வரி கட்டிய பங்குக்கு, வரி விதிக்க எடுத்துக்கொண்ட மதிப்புதான் வாங்கிய விலை என்று சட்டத்தின் 49-ஆம் பிரிவின் (2ஏஏ) உட்பிரிவு சொல்கிறது. அந்த மதிப்பு ஏற்கெனவே ரூபாயில் நிர்ணயமாகி ஃபார்ம் 16-ல் ஏறிவிட்டது. அதை மறுபடி டாலராக்கி வேறு விலையில் ரூபாயாக்க வழியில்லை. சொந்தமாகப் பணம் அனுப்பி வாங்கியவருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான்: அவர் கையிலிருந்து போனது ரூபாய். நான் கணக்குப் பார்ப்பது தனித்தனியாக மாற்றித்தான், உதாரணத்தில் 87,920. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, செஸ்ஸோடு சேர்த்து, இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வரி வித்தியாசம் 4,368 ரூபாய். ஒரு விற்பனைக்கு இது சின்னத் தொகை. நாலைந்து வருடம் சேர்த்து வைத்த பங்குகளை ஒரே நாளில் விற்றால் அப்படி இருக்காது.

எந்த முறையை எடுத்தாலும் அதையே எல்லா வருடங்களிலும் எல்லாப் பங்குகளுக்கும் பின்பற்றுங்கள். லாபத்துக்கு ஒரு முறை, நஷ்டத்துக்கு ஒரு முறை என்று மாற்றிப் போட்டால் கேள்வி வரும்போது சொல்லப் பதில் இருக்காது.

அப்புறம், உதாரணத்தில் பங்கு 24 மாதத்துக்கும் குறைவாகவே கையில் இருந்ததால் அது குறுகிய கால லாபம், சாதாரண வரம்புப்படி வரி. இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்கு என்பதால் 12 மாதக் கணக்கு இதற்குக் கிடையாது. 24 மாதம் தாண்டி விற்றிருந்தால் 12.5 சதவீதம்.

31-ஆம் தேதி விற்றேன், பணம் அடுத்த மாதம்தான் புரோக்கர் கணக்கில் ஏறியது. எந்த மாதம் கணக்கு?

விற்ற நாள்தான். அமெரிக்கச் சந்தையில் 2024 மே 28 முதல் விற்றதற்கு அடுத்த வேலை நாளில் பணம் தீர்வாகிறது. 2025 அக்டோபர் 31 வெள்ளி. அன்று விற்றது நவம்பர் 3 திங்களன்றுதான் தீரும். விற்ற நாளை எடுத்தால் செப்டம்பர் 30 விலை, தீர்வு நாளை எடுத்தால் அக்டோபர் 31 விலை. ஒரு நாள் வித்தியாசம் ஒரு மாத வித்தியாசமாகிவிடுகிறது.

பங்குச் சந்தை வழியாக விற்கும்போது, பின்னால் பங்கு கைமாறிவிட்டால், புரோக்கர் நோட்டில் உள்ள தேதியே கைமாறிய தேதி என்று 1995-லேயே மத்திய நேரடி வரிகள் வாரியம் 704-ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. புரோக்கர் தரும் கோப்பில் `Trade Date`, `Settlement Date` என்று இரண்டு பத்திகள் இருந்தால் முதலாவதை எடுங்கள்.

டிவிடெண்டில் அமெரிக்காவில் 25% பிடித்துவிட்டார்கள். கைக்கு வந்ததை மட்டும் காட்டலாமா?

கூடாது. பிடித்த வரிக்கு முந்தைய முழுத் தொகையைக் காட்டி, பிடித்த வரியைத் தனியாகக் கழிவு கேட்க வேண்டும். கைக்கு வந்ததை மட்டும் காட்டினால் வருமானத்தைக் குறைத்துச் சொன்னதாகவும் ஆகும், கிடைக்க வேண்டிய கழிவையும் இழப்பீர்கள்.

அதே கோவை ஊழியர். 28 பங்குகளுக்குத் தலா அரை டாலர் டிவிடெண்ட், 2025 செப்டம்பர் 12-ல் வந்தது. மொத்தம் 14 டாலர். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 25 சதவீதம், அதாவது 3.50 டாலர் போக 10.50 டாலர் கணக்கில் ஏறியது. ஆகஸ்ட் முடிவின் கடைசித் தாளில் வாங்கும் விலை 87.50 என்று கொள்வோம். வருமானம் 14 டாலர், 1,225 ரூபாய். அமெரிக்காவில் கட்டிய வரி 3.50 டாலர், 306.25 ரூபாய்.

கட்டிய வரியை மாற்ற விதி 115 பொருந்தாது, அதற்கு 128 என்ற வேறு விதி. அதிலும் ஸ்டேட் பேங்கின் அதே வாங்கும் விலைதான், தேதி மட்டும் வரி கட்டிய அல்லது பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். டிவிடெண்டுக்குப் பணம் தந்த மாதத்தை எடுங்கள் என்று மேலே சொன்னதன் பலன் இங்கே தெரியும். இரண்டுக்கும் ஒரே 87.50. அறிவித்த மாதத்தை எடுத்திருந்தால் வருமானம் ஒரு விலையிலும் வரி இன்னொரு விலையிலும் போய், 25 சதவீதம் என்பது 24.8 என்றோ 25.3 என்றோ கோணலாகத் தெரியும்.

30 சதவீத வரம்பில் அந்த 1,225 ரூபாய்க்கு இந்தியாவில் செஸ்ஸோடு வரி 382.20. அமெரிக்காவில் கட்டிய 306.25 அதைவிடக் குறைவு என்பதால் முழுவதும் கழிவாகும், மிச்சம் 75.95 மட்டும் இங்கே கட்டினால் போதும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இந்திய வரி 254.80-தான், கழிவும் அதோடு நிற்கும். மீதியைத் திரும்பத் தரமாட்டார்கள்.

கழிவு கேட்க ஃபார்ம் 67-ஐ வருமான வரித் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். ரிட்டர்னில் வெளிநாட்டு வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப்.எஸ்.ஐ.-யையும் வெளிநாட்டு வரிக் கழிவுக்கான ஷெட்யூல் டி.ஆர்.-ஐயும் நிரப்பிவிட்டு ஃபார்ம் 67-ஐ மறப்பவர்கள் பலர். அப்போது கழிவு இல்லாமல் டிமாண்ட் வரும். மூன்றிலும் ஒரே ரூபாய்த் தொகைகள் இருக்கட்டும்.

புரோக்கர் அனுப்பிய 1042-எஸ் படிவத்தில் உள்ள மொத்த டிவிடெண்டை ஒரே ரேட்டில் மாற்றிப் போட்டுவிட்டேனே, சரியா?

இரண்டு காரணங்களால் சரியாக வராது. அந்தப் படிவம் அமெரிக்கக் கணக்குப்படி ஜனவரி முதல் டிசம்பர் வரை. உங்கள் வருடம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2025-க்கான படிவத்தில் 2025 ஜனவரி முதல் மார்ச் வரை வந்த டிவிடெண்டும் இருக்கும், அது போன நிதியாண்டின் வருமானம். 2026 ஜனவரி முதல் மார்ச் வரை வந்தது அதில் இருக்காது. மொத்தத்தை ஒரே விலையில் மாற்றினால் ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் உரிய மாதமும் தொலைந்துவிடும்.

மாதாந்திர ஸ்டேட்மெண்டுகளை எடுத்து, டிவிடெண்ட் ஒன்றுக்கு ஒரு வரிசையாக எழுதுங்கள். காலாண்டுக்கு ஒரு முறை தரும் நிறுவனம் என்றால் பங்கு ஒன்றுக்கு வருடத்துக்கு நாலு வரிசைதான். 1042-எஸ் படிவத்தை, வரி பிடித்ததற்கான சான்றாக ஃபார்ம் 67-உடன் இணைக்க வைத்துக்கொள்ளலாம்.

நான் வெளிநாட்டு கிளையண்டுக்கு ஃப்ரீலான்ஸ் செய்கிறேன். எனக்கும் முந்தைய மாதக் கடைசி ரேட்தானா?

உங்களுக்கு அது இல்லை. தொழில் வருமானத்துக்குத் தேதி மார்ச் 31. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன விலக்கு உங்களுக்குத்தான் உதவும். மார்ச் 31-க்கு முன்பே அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவுக்குள் வந்துவிட்ட பணத்துக்கு விதி 115 பொருந்தாது என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அப்படி வந்த பணத்துக்கு உங்கள் வங்கி உண்மையில் கொடுத்த ரூபாய்தான் கணக்கு. ஜனவரியில் 1,000 டாலர் வந்து, வங்கி அதற்கு என்ன ரூபாய் வரவு வைத்ததோ, அதுதான். வங்கி தரும் வரவுச் சான்றை வைத்திருங்கள்.

மார்ச் 31 அன்று வெளிநாட்டு வாலெட்டிலோ வங்கிக் கணக்கிலோ இன்னும் தங்கியிருக்கும் பணத்துக்கு மட்டும் அன்றைய ஸ்டேட் பேங்க் வாங்கும் விலை. தளம் பிடிக்கும் கமிஷன் இருந்தால், முழுத் தொகையை வருமானமாகவும் கமிஷனைச் செலவாகவும் அதே விலையில் காட்டுங்கள்.

வெளிநாட்டுச் சேமிப்புக் கணக்கின் வட்டிக்கும் இதே முறைதான். மாதாமாதம் சிறிது சிறிதாக வந்த வட்டியை இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை என்றால், வருட மொத்தத்தையும் மார்ச் 31-இன் ஒரே விலையில் மாற்றலாம். டிவிடெண்டுக்குப் பன்னிரண்டு விலை தேடியவர்களுக்கு இது நிம்மதி.

இந்த விலக்கைப் பங்கு விற்ற லாபத்துக்கோ டிவிடெண்டுக்கோ நீட்டாதீர்கள். விதி அதை மார்ச் 31 தேதி பொருந்தும் வகைகளுக்கு மட்டும்தான் தருகிறது.

ஷெட்யூல் எஃப்.ஏ.-விலும் இதே ரேட்டுகளைப் போட்டுவிடலாமா?

முடியாது, அங்கே தேதிக் கணக்கு வேறு. ஷெட்யூல் எஃப்.ஏ. வருமானத்தைக் கேட்பதற்கல்ல, வெளிநாட்டில் என்ன சொத்து வைத்திருந்தீர்கள் என்று கேட்பதற்கு. அதன் காலமும் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. 2025-26 ரிட்டர்னில் 2025 காலண்டர் வருடத்தைக் காட்ட வேண்டும். வாங்கியபோது இருந்த மதிப்பு, அந்த வருடத்தின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு ஆகிய மூன்றும், அந்தந்த நாளின் ஸ்டேட் பேங்க் வாங்கும் விலையில். முந்தைய மாதத்தின் கடைசி நாள் என்ற கணக்கு இங்கே இல்லை.

கோவை ஊழியர் நவம்பரிலேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டார். டிசம்பர் 31 மதிப்பு பூஜ்யம். இருந்தாலும் 2025-இல் ஒரு நாளாவது வைத்திருந்ததால் அவர் ஷெட்யூலை நிரப்பியே ஆக வேண்டும். வாங்கிய மதிப்புக்கு 2024 ஜூன் 10 விலை. உச்ச மதிப்புக்கு, ஜனவரி 1 முதல் விற்ற நாள் வரை அந்தப் பங்கு எந்த நாளில் அதிக விலையில் முடிந்ததோ அந்த நாளின் பங்கு விலையும் அன்றைய டாலர் விலையும். வந்த டிவிடெண்டையும் விற்ற தொகையையும் அதற்குரிய பத்திகளில் எழுத வேண்டும்.

இதற்காக மாதக் கடைசி விலைத்தாள்கள் போதாது. வெஸ்ட் ஆன ஒவ்வொரு தேதியின் தாளையும் டிசம்பர் 31 தாளையும் சேர்த்து எடுத்து வையுங்கள். வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கக்கூடிய பிரிவு இருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் கிடையாது, ஆனால் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கும் இருக்கிறது.